540 ரிங்கிட் எங்கே போனது?

கணக்கு ஏட்டின் இரு பக்கமும் ஒத்துப் போகாதபோது பலரும் செய்வது, எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்டிப் பார்ப்பது. அலுப்பு தட்டியதும் வித்தியாசத்தை 'இதரச் செலவு' என்று எழுதி மூடிவிடுவார்கள். கம்போங் மேடானில் வாரக் கடைசியில் நான் நடத்தும் கணக்கியல் வகுப்பிலும் ஒரு மாணவி அதைத்தான் செய்திருந்தார். "சார், 540 ரிங்கிட்தானே, இப்போ சரியா வந்துடுச்சு" என்றார்.

பயிற்சி எளிமையானது. வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஒருவரின் முதல் மாதக் கணக்கு. அவர் போட்ட முதல் 5,000 ரிங்கிட். அதில் அடுப்பும் பாத்திரங்களும் 1,820க்கு வாங்கினார். மாவு, எண்ணெய் முதலிய சரக்கு 960க்குக் கடனில் வந்தது. விற்பனை 2,740. கேஸ், மின்சாரம் 270, கடை வாடகை 600. சொந்தச் செலவுக்கு எடுத்தது 150. கடன் சரக்கைத் தவிர எல்லாம் வங்கி வழியாகவே நடந்தது. ஆக, வங்கியில் மிச்சம் 4,900.

நாலாம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் 'இம்பாஙான் டுகா' என்று படிக்கும் இருப்பாய்வில், மாணவிக்குப் பற்றுப் பக்கம் 8,160, வரவுப் பக்கம் 8,700. குறைவது 540.

இங்கே கூட்டுவதை நிறுத்திவிட்டு, வித்தியாசத்தையே விசாரிக்க வேண்டும். முதலில், 540 என்ற தொகை எங்காவது இருக்கிறதா? இருந்தால் அதை ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் விட்டிருக்கலாம். இந்தப் பயிற்சியில் அப்படி ஒன்றும் இல்லை. அடுத்து அதன் பாதி, 270. பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடும். அதனால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும். நம்மிடம் 270க்கு கேஸ், மின்சார பில் இருக்கிறது! ஆவலோடு பேரேட்டைத் திறந்தோம். அது சரியாகவே பற்றில் இருந்தது.

மூன்றாவது, ஒன்பதால் வகுப்பது. 540ஐ ஒன்பதால் வகுத்தால் மீதியில்லாமல் 60 வருகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். காரணம் சிக்கலானதல்ல. நூறின் இடத்தில் இருக்கும் ஒன்று பத்தின் இடத்துக்கு இறங்கினால் 90 குறைகிறது. 540 என்பது ஆறு தொண்ணூறு. எனவே நூறின் இடமும் பத்தின் இடமும் ஆறு வித்தியாசப்படும் எண்ணைத் தேட வேண்டும். பட்டியலில் அப்படி இருப்பவை இரண்டுதான்: 1,820இல் எட்டும் இரண்டும், 600இல் ஆறும் சுழியமும். வாடகை சரியாகவே இருந்தது. குறிப்பேட்டில் 1,820, வங்கிக் கணக்கிலும் 1,820, ஆனால் அடுப்புக் கணக்கில் 1,280 என்று இருந்தது. திருத்தியதும் இரு பக்கமும் 8,700.

ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் மாறியே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. தேட ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு தவறுகள் கலந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் ஏமாற்றிவிடும்.

அடுத்து இருப்புநிலைக் குறிப்பு. மாதக் கடைசியில் மிஞ்சிய சரக்கு 110. அதைச் சேர்த்தால் லாபம் 1,020. சொத்துகள் 6,830 வந்தன; எதிர்ப்பக்கம் 7,130. வித்தியாசம் 300. பாதியாக்கினால் 150, அவர் சொந்தச் செலவுக்கு எடுத்த பணம்! முதலிலிருந்து கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தார். இந்த முறை மாணவியே ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொரு தவறு. அந்த 150ஐ 'கூலி' என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? இருப்பாய்வு ஒத்துப் போகும். இருப்புநிலைக் குறிப்பும் 6,830லேயே ஒத்துப் போகும். லாபம் மட்டும் 870 ஆகக் குறைந்து நிற்கும். முதலாளி சொந்தத்துக்கு எடுத்த பணத்தை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. கணினி மென்பொருளும் இதைப் பிடிக்காது. இரு பக்கமும் சமமாக இருந்தால் அது ஏற்றுக்கொள்ளும்.

மாணவி எழுதிய 'இதரச் செலவு 540'க்கும் இதே கதிதான். நடக்காத செலவு லாபத்தை 540 குறைத்துவிட்டது. அடுப்பின் மதிப்பும் அதே அளவு குறைந்ததால் கூட்டுத்தொகை எதையும் காட்டிக் கொடுக்காது. இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு பதிவையும் அதன் ரசீதோடு வைத்துப் பார்ப்பது. வியாபாரப் பதிவேடுகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் விதி. வெப்பத்தாளில் அச்சடித்த ரசீதோ சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள்.