கோப்பில் உள்ளது உள்ளபடி: ஒழுங்கு நடவடிக்கைச் சுருக்கக் குறிப்பு பற்றிய கோரிக்கைச் சாசனம்

நியாயவிலைக் கடைகளிலும் கடன் சங்கங்களிலும் வேலை பார்க்கும் கூட்டுறவுப் பணியாளர்களாகிய நாங்கள், சங்க நிர்வாகக் குழுக்களுக்கும், குழு இல்லாத இடங்களில் அதன் அதிகாரத்தைச் செலுத்தும் தனி அலுவலர்களுக்கும், கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளருக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

ஒரு பணியாளருக்குச் சார்ஜ் மெமோ கொடுத்து, விளக்கம் வாங்கி, விசாரணை நடத்தி, அறிக்கையும் வந்து சேரும்போது கோப்பு பெருத்துவிடுகிறது. கூட்டத்துக்கு வரும் உறுப்பினர் அதை முழுக்கப் படிப்பது அரிது. அவர் கையில் இருப்பது இரண்டு மூன்று பக்கச் சுருக்கக் குறிப்பு. கூட்டப் பொருள்களில் ஒன்றாக அது வாசிக்கப்பட்டு, சில நிமிடங்களில் தீர்மானம் எழுதப்படுகிறது. ஆகவே ஒருவருடைய வேலை பெரும்பாலும் அந்த இரண்டு பக்கத்தில்தான் நிற்கிறது. தவறு செய்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு குழுவுடையது. குறிப்பு எழுதுபவர் அதை முன்கூட்டியே எடுத்துவிடக் கூடாது என்று கேட்கிறோம்.

நாங்கள் சொல்வது விளங்குவதற்காக ஒரு மாதிரிக் கோப்பை எடுத்துக்கொள்வோம். கடை விற்பனையாளர் ஒருவர் மீது மூன்று குற்றச்சாட்டுகள். திடீர் ஆய்வில் பதிவேட்டின்படி 2,150 கிலோ அரிசி இருக்க வேண்டிய இடத்தில் 2,000 கிலோவே இருந்தது, 150 கிலோ இருப்புக் குறைவு என்பது முதலாவது. ஐந்து குடும்ப அட்டைகளுக்குப் பொருள் கொடுக்காமலே பில் போட்டார் என்பது இரண்டாவது. ஒரு வேலை நாளில் கடையைத் திறக்கவில்லை என்பது மூன்றாவது.

இந்தக் கோப்புக்கு வழக்கமாக எழுதப்படும் குறிப்பு இப்படி இருக்கும்: “மேற்படி பணியாளர் 150 கிலோ அரிசியைக் கையாடல் செய்துள்ளார். தனது விளக்கத்தில் உண்மைக்குப் புறம்பான காரணங்களைக் கூறிச் சமாளித்துள்ளார். ஆய்வு அலுவலரும் அட்டைதாரர்களும் குற்றச்சாட்டுகளை உறுதிப்படுத்தியுள்ளனர். எனவே பணியிலிருந்து நீக்கலாம்.” நாலு வாக்கியம். படித்து முடித்த உறுப்பினருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை மிச்சமில்லை.

எங்கள் முதல் கோரிக்கை குற்றச்சாட்டைப் பற்றியது. சார்ஜ் மெமோவில் உள்ள வாசகத்தையே, அதே எண்ணோடு, அதே வரிசையில் குறிப்பில் எடுத்தெழுத வேண்டும். மெமோ இருப்புக் குறைவு என்று சொல்கிறது. குறிப்பு கையாடல் என்கிறது. இரண்டும் வெவ்வேறு குற்றங்கள். குறைவு என்பது கணக்குக்கும் கையிருப்புக்கும் உள்ள வித்தியாசம். கையாடல் என்றால் பொருளைத் தன் லாபத்துக்கு எடுத்துக்கொண்டார் என்று ஆகிறது. மெமோவில் சொல்லாத குற்றத்துக்கு அவர் பதில் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. மெமோவின் தேதி, அது அவர் கையில் சேர்ந்த தேதி, மீறியதாகச் சொல்லப்படும் துணைவிதியின் எண், தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தால் அது தொடங்கிய நாள் ஆகியவையும் அங்கேயே வரட்டும்.

இரண்டாவது கோரிக்கை, பணியாளரின் விளக்கத்தை அந்தந்தக் குற்றச்சாட்டின் கீழேயே தர வேண்டும் என்பது. மாதிரிக் கோப்பில் விற்பனையாளர் முதல் குற்றச்சாட்டுக்கு இரண்டு காரணம் சொல்கிறார். பின்னறையில் இருந்த இரண்டு மூட்டைகளை ஆய்வின்போது எண்ணவில்லை என்பது ஒன்று. அது 100 கிலோ. கிடங்கிலிருந்து வரும் மூட்டைகள் ஐம்பது கிலோ என்ற கணக்கில் இறங்கினாலும் எடை குறைவாகவே வருகின்றன என்பது மற்றொன்று. ரேஷன் கடை வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்தாலும், அட்டைதாரருக்குச் சரியான எடை போட்டுக் கொடுத்துவந்தால், ஐம்பது மூட்டை இறங்கி விற்று முடிவதற்குள் ஒரு முழு மூட்டைக் கணக்கு கடைக்காரர் தலையில் விழுந்துவிடும். அவர் சொல்வது உண்மையா என்பது குழு பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் இந்த இரண்டு காரணங்களையும் “சமாளித்துள்ளார்” என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட்டால் குழு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

இரண்டாவது குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். மூன்றாவதை ஏற்கிறார், அன்று காலை விடுப்புக் கடிதம் கொடுத்தனுப்பியதாகவும் சொல்கிறார். ஏற்றதை ஏற்றார் என்றும் மறுத்ததை மறுத்தார் என்றும் தனித்தனியே எழுத வேண்டும். மூன்றாவதை ஒப்புக்கொண்டதை வைத்து “குற்றங்களை ஒப்புக்கொண்டார்” என்று பொதுவாக எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆய்வுக் குறிப்பில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று ஒருவர் சொன்னால், அதில் உள்ள கணக்கையும் ஏற்றுக்கொண்டதாக எழுதுவதும் இதே வகைப் பிழைதான்.

அதிகமாகச் சேதம் நடப்பது சாட்சியம் பற்றிய பகுதியில். அதனால் மூன்றாவது கோரிக்கையைச் சற்று விரித்தே சொல்கிறோம். ஒவ்வொரு சாட்சியும் எந்தத் தரப்பில் வந்தார், நேரில் கண்டதைச் சொன்னாரா கேள்விப்பட்டதைச் சொன்னாரா, முதல் விசாரணையில் என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார் என்பது பக்க எண்ணோடு வர வேண்டும். ஆய்வு அலுவலர் முதல் விசாரணையில் 150 கிலோ குறைவு என்கிறார். குறுக்கு விசாரணையில், நாற்பது மூட்டைகளை எண்ணி ஐம்பதால் பெருக்கியதாகவும், தராசில் ஏற்றவில்லை என்றும், பின்னறை பூட்டியிருந்ததால் திறந்து பார்க்கவில்லை என்றும் சொல்கிறார். குறிப்பில் முதல் பாதி மட்டும் வந்தால் அவர் சாட்சியம் ஒன்றாகவும், இரண்டும் சேர்ந்து வந்தால் வேறொன்றாகவும் தெரியும்.

ஐந்து அட்டைதாரர்களில் விசாரணைக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் தான் அரிசி வாங்கவே இல்லை என்பதில் கடைசிவரை உறுதியாக நிற்கிறார். இன்னொருவர், தன் மகன் வாங்கிவந்தது பிறகுதான் தெரிந்தது என்று குறுக்கு விசாரணையில் சொல்கிறார். மீதி மூவரும் வரவில்லை. ஆய்வின்போது எழுதி வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் கோப்பில் இருக்கின்றன. “அட்டைதாரர்கள் உறுதிப்படுத்தினர்” என்ற வரி இவை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. காகிதத்தைக் கோப்பில் வைப்பதும் அதைச் சாட்சி மூலம் மெய்ப்பிப்பதும் ஒன்றல்ல என்று ரூப் சிங் நேகி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே, பட்டியலில் இருந்தும் விசாரிக்கப்படாத சாட்சி யார், பட்டியலில் இருந்தும் குறியீடு செய்யப்படாத ஆவணம் எது என்ற இரண்டையும் குறிப்பில் சொல்லியாக வேண்டும். அது தீர்ப்புச் சொல்வது ஆகாது. கோப்பில் இல்லாததை இல்லை என்று சொல்வது மட்டுமே.

எங்களுக்குப் பாதகமானதையும் இதே கண்ணோடு எழுத வேண்டும். விற்பனையாளர் தன் தரப்பில் கட்டுநரை அழைக்கிறார். பின்னறையில் இரண்டு மூட்டை இருந்ததைப் பார்த்ததாகக் கட்டுநர் சொல்கிறார். குறுக்கு விசாரணையில், ஆய்வு நடந்த அன்று தான் விடுப்பில் இருந்ததாகவும், முந்தின நாள்தான் மூட்டைகளைப் பார்த்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். இதை மறைத்து எழுதும் குறிப்பு எங்கள் உறுப்பினருக்கு உதவுவதுபோல் தோன்றினாலும், அடுத்த கோப்பில் அதே பேனா எதிர்ப்பக்கம் திரும்பும். இரு தரப்புக்கும் ஒரே வினைச்சொல் வேண்டும்: “கூறினார்”, “மறுத்தார்”, “ஏற்றார்”. நிர்வாகச் சாட்சி “உறுதிப்படுத்தினார்” என்றும் பணியாளரின் சாட்சி “கூறிக்கொள்கிறார்” என்றும் எழுதினால் எடை போட்டு முடித்தாயிற்று என்று பொருள்.

விசாரணை அலுவலரின் முடிவுகளைக் குற்றச்சாட்டு வாரியாக, அவர் சொன்ன காரணத்தோடு தர வேண்டும் என்பது நான்காவது கோரிக்கை. முதலாவது பகுதியளவு மெய்ப்பிக்கப்பட்டது என்று அவர் எழுதியிருந்தால், குறிப்பிலும் பகுதியளவு என்றே இருக்கட்டும். அறிக்கையின் நகலைப் பணியாளருக்குத் தந்து அவருடைய கருத்தைக் கேட்ட பிறகே தண்டனை பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று ஈ.சி.ஐ.எல். எதிர் கருணாகர் வழக்கில் 1993இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது; அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். எனவே நகல் தந்த தேதியும் அவருடைய கருத்தின் சாரமும் குறிப்பில் இருக்க வேண்டும். விசாரணை அலுவலர் மெய்ப்பிக்கப்படவில்லை என்றதைக் குழு மாற்றிக் கருதுவதாக இருந்தால், அந்தக் காரணங்களை முதலில் பணியாளருக்குத் தெரிவித்துப் பதில் கேட்க வேண்டும். குஞ்ச் பிஹாரி மிஸ்ரா வழக்கின் 1998 தீர்ப்பு இதுதான். இந்த நடைமுறையைக் குறிப்பில் ஒரு வரியாக நினைவூட்டினால், பின்னால் உயர் நீதிமன்றத்தில் தீர்மானம் விழுவதைச் சங்கமும் தவிர்க்கலாம்.

தண்டனைக்கு வருகிறோம். முன்மொழியப்பட்ட தண்டனை குறிப்பின் கடைசியில் வர வேண்டும். இப்போது கூட்டப் பொருளின் தலைப்பிலேயே “பணிநீக்கம் செய்வது குறித்து” என்று அச்சாகிறது. முன்மொழிந்தவர் யார், எந்தத் துணைவிதியின் கீழ், அதே விதியில் வேறு என்னென்ன தண்டனைகளுக்கு இடம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். “ஊதிய உயர்வு நிறுத்தம்” என்று மொட்டையாக எழுதக் கூடாது. திரண்ட பயனின்றி நிறுத்தினால் தண்டனைக் காலம் முடிந்ததும் ஊதியம் பழைய நிலைக்கு வந்துவிடும். திரண்ட பயனுடன் நிறுத்தினால் அந்த இழப்பு ஓய்வு பெறும்வரை தொடரும். இதை, முறையான விசாரணை இல்லாமல் தர முடியாத பெருந்தண்டனையாகக் குல்வந்த் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருதியது. ஒரு சொல்லை விட்டால் குழு எதற்கு வாக்களிக்கிறது என்பது குழுவுக்கே தெரியாமல் போகும். முன்பு பெற்ற தண்டனைகளைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகக் காட்டுவதாக இருந்தால், அது பணியாளருக்கு முன்பே தெரிவிக்கப்பட்டதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தெரிவிக்கப்படவில்லை என்றால் பழைய கதைக்கு இந்தக் குறிப்பில் இடமில்லை.

இந்தக் குறிப்பை யார் எழுதுவது? குற்றச்சாட்டு வனைந்தவரும், ஆய்வு செய்தவரும், விசாரணையில் நிர்வாகத் தரப்பை எடுத்து நடத்தியவரும் எழுதக் கூடாது. சிறிய சங்கங்களில் ஆளே இல்லை என்பார்கள்; பக்கத்துச் சங்கத்தின் செயலாளரையோ துறை அலுவலகப் பணியாளரையோ கேட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பதிலேயே எழுதுபவரின் மனம் கொஞ்சம் கலந்துவிடும். அதற்கு மாற்றாக நாங்கள் கேட்பது இரண்டு. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு குறிப்பின் நகலைப் பணியாளருக்குத் தர வேண்டும். விட்டுப்போனதாகவோ திரிந்ததாகவோ அவர் பக்க எண்ணோடு சுட்டிக்காட்டுவதை, திருத்தாமல், குறிப்போடு இணைத்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மூலக் கோப்பு, பக்க எண் இடப்பட்டு, கூட்ட மேசையில் இருக்க வேண்டும். எந்த உறுப்பினர் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். கோப்பு மேசைக்கு வரவில்லை என்றால் அந்தப் பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைச் சுற்றறிக்கையாகப் பதிவாளர் வெளியிட வேண்டும். அதுவரை காத்திராமல், இப்போது நிலுவையில் உள்ள கோப்புகளுக்கு எழுதப்பட்ட குறிப்புகளை நிர்வாகக் குழுக்களும் தனி அலுவலர்களும் திரும்பப் பெற்று இந்த முறையில் எழுதி வாங்க வேண்டும்.