பொறுப்பை ஏற்ற பயிற்சியாளர்

2014 ஜூலை 8, பெலோ ஒரிசோன்ட்டே. உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றது பிரேசில். 29 நிமிடங்களுக்குள் ஐந்து கோல்கள். காயத்தால் நெய்மார் இல்லை, தடையால் தியாகோ சில்வா இல்லை. சாக்குச் சொல்ல வழி இருந்தது. ஆனால் செய்தியாளர்கள் முன் வந்த பயிற்சியாளர் ஸ்கொலாரி, பொறுப்பு தன்னுடையது என்றார். அத்தோடு நிறுத்தவில்லை. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது தானே, வியூகம் வகுத்ததும் தானே என்று தெளிவாகச் சொல்லி, மக்களிடம் மன்னிப்பும் கேட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தெளிவுதான். ‘பொறுப்பேற்கிறேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், தடுப்பாட்டத்தில் தடுமாறியவர்களின் பெயர்களைத்தான் மறுநாள் எல்லோரும் தேடியிருப்பார்கள். எந்த முடிவு தன்னுடையது என்று அவர் சொன்னதால், கேள்விகள் முதலில் அவரை நோக்கித் திரும்பின.