முட்டி ஆபரேஷன் செய்தால் குள்ளமாகிவிடுவார்களா?

போன வாரம் ஒரு வளைகாப்பில், எங்கள் சித்தியை உட்கார வைத்து உறவுக்காரர் ஒருவர் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். "முட்டி ஆபரேஷனா? வேண்டவே வேண்டாம்க்கா. எலும்பை வெட்டி எடுக்கிறாங்க. ஆள் குள்ளமாயிடுவீங்க." கழிப்பறைக்குப் போகவே சுவரைப் பிடித்து நடக்கும் சித்தி, அன்றிரவே ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது.

எலும்பை வெட்டுகிறார்கள், உண்மைதான். தொடை எலும்பின் அடியில் சுமார் 9 மில்லிமீட்டர், கீழ்க்கால் எலும்பின் மேலே கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் வெட்டிய இடத்தைக் காலியாகவா விடுகிறார்கள்? மேலே ஏறக்குறைய அதே தடிமனில் உலோகத் தொப்பி. கீழே உலோகத் தட்டு, அதன்மேல் பிளாஸ்டிக். எடுத்த அளவு திரும்ப வந்துவிடுகிறது. கேப் போடப் பல்லைத் தேய்த்தவர் யாருக்காவது பல் குட்டையானதா?

குறைத்துப் போடலாமே என்று டாக்டர் நினைத்தாலும் முடியாது. மூட்டின் இரு பக்கமும் தசைநார்கள் இருக்கின்றன. நடுவில் வைப்பது மெல்லியதாக இருந்தால் அவை தொளதொளத்து, முட்டி பக்கவாட்டில் ஆடும். அதனால்தான் பிளாஸ்டிக் துண்டைப் பல தடிமன்களில் வைத்திருக்கிறார்கள். மாதிரித் துண்டைப் பொருத்தி, காலை நீட்டியும் மடக்கியும் பார்த்து, இறுக்கம் சரியாக வந்த பிறகே உண்மையானதைப் பொருத்துகிறார்கள்.

என் பெரியம்மாவைப் பாருங்கள். பல வருடமாக வில் மாதிரி வளைந்த கால்கள், முட்டி முழுசாக நீளாது. நைட்டி தரையைக் கூட்டிக்கொண்டே வரும், ஓரமெல்லாம் கிழிசல். இரண்டு முட்டியும் மாற்றிய பிறகு அதே நைட்டி தரையைத் தொடாமல் நிற்கிறது. துணி சுருங்கவில்லை, ஆள் நிமிர்ந்திருக்கிறார். குள்ளமாகிவிடுவார்கள் என்பவர்களை அந்த நைட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. இடுப்பிலிருந்து முட்டி வரை 40 செ.மீ., முட்டியிலிருந்து கணுக்கால் வரை 40 செ.மீ. என்று வையுங்கள். நேராக நின்றால் 80. முட்டி 20 டிகிரி மடங்கியே நின்றால் 79-க்கும் கொஞ்சம் கீழே. 30 டிகிரி என்றால் 77 சொச்சம், இரண்டரை செ.மீ.க்கு மேல் காணாமல் போய்விட்டது. உயரத்தைத் தின்றது தேய்ந்த மூட்டு. ஆபரேஷன் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. பெரியம்மாவின் நைட்டி மேலே ஏறியது இப்படித்தான்.

"எங்க மாமியார் ஆபரேஷனுக்கப்புறம் குள்ளமாயிட்டாங்களே" என்கிறீர்களா? அவர் முதுகைப் பாருங்கள். வயதானால் முதுகெலும்பு அமுங்கும், கூன் விழும். முதுகில் போன உயரத்துக்கு முட்டியைக் குற்றம் சொல்வது அநியாயம்.

இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு. ஒரு முட்டியை மட்டும் மாற்றியவர்கள், "டாக்டர் காலை நீளமாக்கிட்டார்" என்று அலறுவார்கள். மாற்றிய கால் நேராகிவிட்டது, மாற்றாத கால் இன்னும் வளைந்தே இருக்கிறது. குறையோடு நிற்பது அந்த இன்னொரு கால்.

இடுப்பு மூட்டை மாற்றுவதில் கதை வேறு. அங்கே கால் நிஜமாகவே சில மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். ஆனால் முதல் வாரங்களில் நீளமாகத் தோன்றுவதெல்லாம் நீளமல்ல. பல வருடம் இறுகிப்போன தசைகள் இடுப்பைச் சாய்த்து வைத்திருக்கும். அவை தளரச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மருந்துக் கடையில் குதிகால் பேடு வாங்கி மற்ற காலின் செருப்பில் வைத்தால், சாய்வு அப்படியே நிலைத்துப்போகலாம். டாக்டர் நிற்க வைத்து, காலடியில் பலகைத் துண்டுகளை அடுக்கி அளந்து சொல்லட்டும். கடைக்காரர் சொன்னார் என்று பேடு வைக்காதீர்கள்.

எனக்குப் பெரிய கோபம் இன்னொன்றில். உயரம் போய்விடும் என்று பயமுறுத்தும் இதே சொந்தங்கள்தான், முட்டி ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு "வலிக்குதா?" என்று பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறார்கள். மடங்கினால் வலி குறைவது நிஜம். ஆனால் ஆறும் வாரங்களில் நாள் முழுக்க மடங்கியே கிடந்த முட்டி, மடங்கியபடியே இறுகிவிடும். அப்போதுதான் நடை நொண்டும், உயரம் குறையும். பழி டாக்டர் மேல் விழும்.

சித்திக்கு நான் சொல்லியாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் யாராவது முட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தால், முட்டிக்குக் கீழே இருக்கும் தலையணையை இப்போதே எடுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்கிற நேரத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி கீழே இறங்கி நீளட்டும்.