கை நிறைந்திருக்கும்போது வணக்கம்: யாருக்குச் சலுகை, யாருக்குக் கடமை?

ஜவ்வாது மலையில் செல்போன் பேச இடம் தேட வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் தங்கியிருந்த ஊரில், ஜமுனாமரத்தூர் போகும் சாலையின் வளைவில் ஒரு புளியமரம் உண்டு. அதன் பக்கத்தில் நின்றால் ‘டவர்’ கிடைக்கும். நாலு எட்டு தள்ளி நகர்ந்தால் பேச்சு அறுந்துவிடும். ஊரில் யாருக்குப் பேச வேண்டியிருந்தாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

ஒருநாள் மாலை அங்கே நின்று என் நெறியாளரிடம் பேசிக்கொண்டிருந்தேன். காட்டிலிருந்து விறகுக் கட்டோடு ஒரு பெரியம்மா வந்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் கட்டு, இரண்டு கைகளும் கட்டைப் பிடித்திருந்தன. என்னைப் பார்த்ததும், “என்னம்மா, எப்ப வந்த?” என்றார். நான் போனைக் காதில் வைத்தபடி, இன்னொரு கையின் உள்ளங்கையை அவர் பக்கம் காட்டினேன். ‘ஒரு நிமிஷம்’ என்பது என் எண்ணம். அவர் நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. “போன்ல பேசுறப்ப கிட்ட வராதன்னு கைய காட்டிட்டியாமே?” எனக்குச் சுருக்கென்றது. அந்த மக்கள் கடைகளிலும் அலுவலகங்களிலும் பார்த்துப் பழகிய கை அது. ‘அங்கேயே நில்’ என்று சொல்லும் கை. என் மனதில் என்ன இருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்டது உள்ளங்கையை மட்டும்தான்.

அன்று மாலையே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. “நீ பேச்ச விட்டுட்டுப் பேச வேணாம்மா. பாத்தேன்னு ஒரு பார்வை பாத்திருந்தா போதும்” என்றார்.

அந்த ஒரு பார்வையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ‘இதிலெல்லாம் என்ன அரசியல்?’ என்று கேட்கும் தோழர்கள் என் தாத்தாவின் கதையைக் கேட்க வேண்டும்.

என் தாத்தா மலைக்காரர் அல்ல. மலைக்குக் கீழே போளூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்த பண்ணையாள். புல்லுக்கட்டைத் தலையில் வைத்து வரப்பில் வரும்போது எதிரே நிலத்துக்காரர் வந்தால், கட்டைக் கீழே இறக்க வேண்டும். தோளில் துண்டு இருந்தால் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரு கை கூப்பிக் கும்பிட வேண்டும். கும்பிடு முடிய ஒரு நொடிதான். கஷ்டம் அதற்குப் பிறகு. தலைச்சுமையைத் தனியாளாகக் கீழே தள்ளிவிடலாம், தனியாளாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. ஒரு கை தூக்கிவிட வேண்டும். நிலத்துக்காரர் கட்டையும் தொடமாட்டார், தாத்தாவையும் தொடமாட்டார். அடுத்த ஆள் அந்த வழியாக வரும்வரை தாத்தா வெயிலில் நிற்பார். சில நாள் அரை மணி நேரம் ஆகும் என்பார்.

சுமையை இறக்குவதும் ஏற்றுவதும் எவ்வளவு பெரிய பாடு என்பது நம் ஊர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். ஏறக்குறைய தோள் உயரம் இருக்கும். சுமையை அதன்மேல் சரித்து வைத்து இளைப்பாறலாம், பிறர் உதவியில்லாமல் மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கருவோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் இருந்தது. சுமப்பவர்மேல் அவ்வளவு கரிசனம் காட்டிய அதே சமூகம்தான், ஒரு கும்பிடுக்காகத் தாத்தாவின் கட்டை வரப்பில் இறக்க வைத்தது.

சைக்கிள் கதையும் இதேதான். கைப்பிடியில் இரு கையும் இருக்க, தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்து போவது யாருக்கும் இயல்பு. ஊர்த்தெருவில் தலித் ஒருவர் அப்படிப் போனால் அது திமிர். இறங்கி, உருட்டிக்கொண்டு போக வேண்டும். இன்றுகூட இது பழங்கதை ஆகிவிடவில்லை. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும் செருப்பு அணிவதையும் தடுப்பது குற்றம் என்று, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது.

ஆகவே, ‘கை நிறைந்திருந்தால் தலையசைப்பு போதும்’ என்பது ஏதோ நாகரிகக் குறிப்பு அல்ல. அந்தச் சலுகை சிலருக்கு எப்போதும் இருந்தது. சிலருக்கு அடித்து மறுக்கப்பட்டது. சுமையை இறக்காமல், பார்வையாலேயே வணங்கிவிட்டுப் போகும் உரிமை நம் முன்னோருக்குச் சும்மா வந்துவிடவில்லை.

இனி, அந்தப் பார்வை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மனிதர்கள் வணங்கிக்கொள்வதைப் படமெடுத்து ஆராய்ந்த ஆடம் கெண்டனும் ஆண்ட்ரூ ஃபெர்பரும் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடந்த பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்களை அதற்காகப் படம்பிடித்திருந்தார்கள். வணக்கம் பெரும்பாலும் இரண்டு தவணையாக நடக்கிறது என்பது அதில் தெரிகிறது. தூரத்திலேயே ஒருவரையொருவர் கண்டுகொண்டதைக் காட்டும் தலையசைப்போ கையசைப்போ முதலில் வருகிறது. கிட்டே வந்த பிறகு கை குலுக்கல், அணைப்பு, பேச்சு எல்லாம். கை நிறைய சாமானோடோ போனோடோ இருப்பவர் தருவது இந்த முதல் தவணையை மட்டும்தான். இரண்டாவது பாக்கி.

அந்த முதல் தவணையும் சேர வேண்டுமே. போனில் பேசுகிறவரின் கண் எங்கெங்கோ மேயும். அது நம்மேல் பட்டாலும், நம்மைப் பார்த்ததா, நம்மைத் தாண்டிப் பார்த்ததா என்று எதிரில் வருபவருக்குத் தெரியாது. அதனால் பார்வையில் ஏதாவது ஒரு மாற்றம் தெரிய வேண்டும். கண் ஒரு கணம் நிற்க வேண்டும், கூடவே முகத்தில் ஒன்று அசைய வேண்டும். புருவம் சட்டென்று ஏறி இறங்குவது அப்படியொரு அசைவு. ஐபல்-ஐபஸ்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் அதைப் பல கண்டத்து மக்களிடம் படமெடுத்திருக்கிறார். சுமார் ஆறில் ஒரு நொடிதான் அது நீடிக்கிறது. எல்லாரிடமும் ஒன்றுபோல் இல்லை, ஜப்பானியர் பெரியவர்களிடையே அதைத் தவிர்ப்பார்கள் என்றும் அவர் குறிப்பிட்டார். நம்மூரில் புருவத்தோடு ஒரு புன்னகையும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

தலையசைப்பிலும் கவனம் வேண்டும். முகவாயைக் கீழே இறக்கினால் நம்மிடையே அது வணக்கம், ‘சரி’. மேலே வெட்டினால் ‘என்ன?’ என்ற கேள்வியாகிவிடும், அதுவும் அதட்டலான கேள்வி. அவசரத்தில் பலர் மேலேதான் வெட்டுகிறோம். விறகுக் கட்டு சுமப்பவருக்கோ இந்த இரண்டுமே முடியாது. கழுத்து நிமிர்ந்து நின்றால்தான் கட்டு நிற்கும், தலை குனிந்தால் சரியும். அவரிடம் மிச்சமிருப்பது கண், புருவம், உதடு, தொண்டையிலிருந்து வரும் ஒரு “ம்”. “எங்க போற?” என்று கேட்டால், போகும் திசைக்குக் கண்ணை ஓட்டிக் காட்டுவார்கள். அது முழுப் பதில்.

காதில் இயர்போன் மாட்டியிருந்தால் இன்னொரு சிக்கல். நாம் போனில் இருப்பதே எதிரில் வருபவருக்குத் தெரியாது. அவருடைய வணக்கத்தை விழுங்கிவிட்டு நாம் யாரிடமோ சிரித்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். காதை விரலால் தொட்டுக்காட்டி, கண்ணால் வணங்கினால் புரிந்துவிடும். உள்ளங்கையை மட்டும் முன்னே நீட்டாதீர்கள். அது ‘நில்’. நெஞ்சில் கை வைத்தால் அது வணக்கம்.

இவ்வளவும் செய்ய நேரமே ஆகாது. அப்படியிருந்தும் செய்யாதவர்கள் உண்டு. மலையில் ஓர் அலுவலகத்தில் கண்டதைச் சொல்கிறேன். அதிகாரி போனில் பேசிக்கொண்டிருந்தார். சாதிச் சான்றிதழுக்கு வந்திருந்த மலையாளிப் பழங்குடியினர் சிலர் வாசலில் நின்று கும்பிட்டார்கள். அவர் கண் அவர்கள்மேல் பட்டது, முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கூப்பிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு தாமாக இறங்கின. ‘பாவம், போனில் இருக்கிறார்’ என்று நானும் நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒரு கான்ட்ராக்டர் உள்ளே வந்தார். அதே அதிகாரி, அதே போன், அதே பேச்சு. புருவம் ஏறியது, புன்னகை வந்தது, நாற்காலியைக் கை காட்டியது. ஆக, தடையாக இருந்தது போன் அல்ல.

வணக்கமே நிலவுடைமை மிச்சம், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று வாதிடும் தோழர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். நாம் பதில் சொல்லாமல் போனால் சமத்துவம் வந்துவிடாது. நம்மிடமிருந்து பதிலை எதிர்பார்க்கும் தைரியம் குறைந்தவர்கள்தான் அதில் முதலில் அடிபடுவார்கள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒருவர் சொல்லும் “ம்”மும் விறகுக் கட்டுக்குக் கீழிருந்து வரும் “ம்”மும் ஒரே ஒலிதான். வேறுபாட்டை இரண்டு கேள்விகள் காட்டிவிடும். அவருடைய மௌன வணக்கத்தை நான் ஏற்பதுபோல், என் மௌன வணக்கத்தை அவர் ஏற்பாரா? கை காலியானதும் பாக்கியைக் கொடுக்கிறாரா?

அந்தப் பாக்கியைக் கொடுப்பதும் எளிது. போனை வைத்ததும் இரண்டு எட்டு நடந்து, “அப்ப போன்ல இருந்தேன் பெரியம்மா, சொல்லுங்க” என்றால் தீர்ந்தது. ஆள் போய்விட்டால் அடுத்தமுறை பார்க்கும்போது நாமே முதலில் பேசலாம். நிலத்துக்காரர் தாத்தாவுக்கு அந்தப் பாக்கியைக் கடைசிவரை கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு புளியமரத்தடியில் நிற்கும்போது முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கப் பழகினேன். யார் வருகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். களப்பணி முடியும் சமயம், பெரியம்மா ஒருநாள் மறுபடி கட்டோடு வந்தார். நான் போனில் இருந்தேன். அவர் புருவத்தை ஏற்றினார், நானும் ஏற்றினேன். அவர் சுமை தலையிலேயே இருந்தது, என் பேச்சும் அறுபடவில்லை.