'பீச்சுக்கு எல்லாரும் வாங்க'ன்னு கூப்பிடுறாங்க... 'டீ குடிக்க நீ வா'ன்னு ஏன் கூப்பிடுறதில்லை?

"சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் பீச். எல்லாரும் வந்துடுங்க!" என்று வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வருகிறது. நீங்களும் போகிறீர்கள், சிரிக்கிறீர்கள், குரூப் போட்டோவில் ஓரமாக நிற்கிறீர்கள். ஆனால், அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட "ஃப்ரீயா? ஒரு டீ குடிக்கலாமா?" என்று உங்களுக்கு மட்டும் மெசேஜ் பண்ணியதே இல்லை.

வேலைக்காகச் சென்னை வந்த என் தோழிக்கு இதே பிரச்சினை. "என்னைப் பிடிச்சுத்தான் கூப்பிடுறாங்களா, இல்ல பாவம்னு சேர்த்துக்குறாங்களா?" என்று கேட்டாள். அவள் போனில் இருந்த போட்டோக்களை வைத்துக் கணக்குப் போட்டோம். எட்டு மாதத்தில் 11 முறை வெளியே போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 3 மணி நேரம். மொத்தம் 33 மணி நேரம்.

33 மணி நேரம் போதுமா?

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார். 2018-ல் வெளியான அதன்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து செலவிட வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் பெரிதாக உதவுவதில்லை. நம்மூருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று புரிகிறது: தோழியை யாரும் ஒதுக்கவில்லை, பழக்கம் இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை, அவ்வளவுதான்.

அந்த 33 மணி நேரமும் முழுசாக அவளுக்குக் கிடைத்ததில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒரே பேச்சு நடக்காது. ஒரு பேச்சில் நாலு பேருக்கு மேல் சேர்ந்தால் அது தானாக இரண்டாகப் பிரிந்துவிடும் என்று மானுடவியலாளர் ராபின் டன்பார் குழுவினர் 1995-லேயே எழுதியிருக்கிறார்கள். கும்பலில் கலகலப்பு கிடைக்கும். "அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

அவங்க யாரைத் தனியா பார்க்குறாங்க?

அடுத்து பார்க்க வேண்டியது இதைத்தான். குரூப்பில் யாருமே யாரையும் தனியாகச் சந்திப்பதில்லை என்றால், அது அந்தக் கூட்டத்தின் பழக்கம். மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சந்தித்து, நீங்கள் மட்டும் விடுபட்டால், வட்டத்தின் வெளி விளிம்பில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்காக அவர்களுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று ஆகிவிடாது. குரூப்பில் கூப்பிட ஒரு மெசேஜ் போதும். தனியாகக் கூப்பிட, இத்தனை பேரில் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம்மூருக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஆணும் பெண்ணும் தனியாகக் காபி குடித்தால் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். வீட்டில் "ஃப்ரெண்ட்ஸோட போறேன்" என்றால் கிடைக்கும் அனுமதி, "ஒருத்தரைப் பார்க்கப் போறேன்" என்றால் கிடைக்காது. இதை வெறுப்பு என்று படிக்கக் கூடாது.

நீங்க கூப்பிட்டீங்களா?

தோழியிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அவளும் யாரையும் தனியாகக் கூப்பிட்டதில்லை!

கூப்பிடும்போது "ஒருநாள் மீட் பண்ணலாம்" என்றால் எதுவும் தெரியாது. எல்லோரும் "கண்டிப்பா" என்றுதான் சொல்வார்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு பேருக்கு மெசேஜ் அனுப்பினாள்: "செவ்வாய் 6 மணிக்கு ஆபீஸ் பக்கத்து டீக்கடைக்கு வர்றியா?"

ஒருத்தி, "சூப்பர், எல்லாரையும் கூப்பிடலாமா?" என்றாள். இன்னொருத்தி, "செவ்வாய் முடியாது, வியாழன் ஓகேவா?" என்றாள்.

பதிலில் கவனிக்க வேண்டியது, மாற்று நாள் வருகிறதா என்பதைத்தான். வந்தால் ஆர்வம் இருக்கிறது. ஒருமுறை "பிஸி" என்றால் அது பிஸியாகவே இருக்கலாம். இரண்டு மூன்று முறை கேட்டும் மாற்று நாளே வரவில்லை என்றால், அந்த நட்பு குரூப் அளவிலேயே இருக்கட்டும் என்பதுதான் பதில். அதைத் துருவிக் கேட்டு சங்கடப்படுத்த வேண்டாம். பீச்சுக்குப் போவதையும் நிறுத்த வேண்டாம். நெருக்கத்தை அங்கே எதிர்பார்ப்பதை நிறுத்தினால் போதும்.

வியாழக்கிழமை டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கிறது. கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னாளாம்: "நீ எப்பவும் அமைதியா இருப்பியா, தனியா கூப்பிட்டா உனக்குத்தான் பிடிக்காதுன்னு நினைச்சேன்."

எட்டு மாசமா ரெண்டு பேருமே அடுத்தவங்க கூப்பிடட்டும்னு காத்திருந்திருக்காங்க.