பதில் வராத மெசேஜும் ஏறுற பிரஷரும்

1/ படபடப்புன்னு ஒருத்தர் வந்தார். வயசு 38, ஒரு தொழிற்சாலையில பர்ச்சேஸ் வேலை. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) பிபி 152/96. ஈசிஜி, தைராய்டு ரெண்டும் நார்மல். தூக்கம் எப்படின்னு கேட்டேன். "ராத்திரி 2 மணிக்கு முழிச்சு, பாஸ் பதில் போட்டிருக்காரான்னு பாக்குறேன் டாக்டர்" என்றார்.

2/ விஷயம் இதுதான். மூணு கொட்டேஷன் அனுப்பி 9 நாளாச்சு. மேலாளர் ஓகே சொல்லணும். போன் எடுக்க மாட்டார், சீட்ல இருக்க மாட்டார், ப்ளூ டிக் மட்டும் விழும். சப்ளையர் சொன்ன விலை வெள்ளிக்கிழமையோட முடியுது. ஆனா சரக்கு எங்கேன்னு எல்லாரும் கேக்குறது இவரைத்தான்.

3/ ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-ல் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். வேலை அதிகமா இருக்குறது மட்டும் பிரச்சனை இல்லை. வேலை அதிகம், அதில் முடிவெடுக்கும் உரிமை குறைவு, இந்த ரெண்டும் சேரும்போதுதான் அழுத்தம் கூடும். "முடியாது"ன்னு பாஸ் சொல்லிட்டாக்கூட மனசு அடுத்த வேலைக்குப் போயிடும். பதிலே வரலைன்னா காத்திருப்பு முடியவே முடியாது.

4/ அதுக்காக "டென்ஷன் பிபிதான்"னு விட்டுடாதீங்க. வீட்டில் 7 நாள், காலையும் மாலையும், 5 நிமிஷம் உக்காந்த பிறகு ரெண்டு ரெண்டு தடவை பாக்கச் சொன்னேன். முதல் நாளை விட்டுட்டு சராசரி எடுத்தோம்: 141/90. வீட்டில் 135/85-ஐத் தொட்டாலே அது உயர் ரத்த அழுத்தம். பாஸ் மாறினாலும் இதைக் கவனிச்சே ஆகணும்.

5/ மெசேஜையும் மாத்தினோம். "சார், கொஞ்சம் பாருங்க" என்பதற்கு யாரும் பதில் போட மாட்டாங்க. அவர் மெயிலில் எழுதினது: "ரெண்டாவது கொட்டேஷனைப் பரிந்துரைக்கிறேன். விலை வெள்ளி வரைதான். வியாழன் மாலை 4 மணிக்குள் பதில் இல்லையென்றால் ஃபைனான்ஸ் மேலாளரிடம் கேட்கிறேன்." அவருக்கும் காப்பி.

6/ கவனிங்க, "நானே ஆர்டர் போட்டுடுறேன்"னு எழுதல. பணம், கையெழுத்து சம்பந்தப்பட்டதில் அந்த உரிமை நமக்கு இல்லை. நாளைக்கு மாட்டுறது நாமதான். மீட்டிங் தேதி, ரிப்போர்ட் வடிவம் மாதிரி சின்ன விஷயத்துல மட்டும் "பதில் இல்லைன்னா இப்படிச் செய்றேன்"னு எழுதலாம்.

7/ வியாழன் 3:40-க்கு பதில் வந்துச்சு. ஒரே வார்த்தை: "ஓகே". அதுக்கு 9 நாள்!

8/ மேலாளரா இருக்குறவங்களுக்கு: நீங்க பிஸிதான், புரியுது. "புதன்கிழமை சொல்றேன்"னு ஒரு வரி போடுங்க. நீங்க எடுக்காத முடிவும் ஒரு முடிவுதான்; அதுக்கான விலையை உங்களுக்குக் கீழ வேலை செய்றவர் தூக்கத்துல குடுக்குறார்.