நியூட்ரினோவா, நுண்நொதுமியா? எந்தச் சொல்லைக் கடன் வாங்கலாம், எதைத் தமிழில் சொல்ல வேண்டும்?

ஆங்கிலத்தில் புதிதாக ஒரு தொழில்நுட்பச் சொல் வந்தால் நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தமிழ் ஒலிக்கும் இலக்கணத்துக்கும் ஏற்பத் திருத்தலாம், அல்லது புதுச்சொல் உருவாக்கலாம். இந்த விவாதம் பெரும்பாலும் ‘தூய தமிழா, கலப்புத் தமிழா’ என்ற சண்டையில்தான் போய் முடிகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சொல்லை யார், எந்த இடத்தில், எதற்காகப் புரிந்துகொள்ள வேண்டும்? இதற்குத் தேனி மாவட்டத்தைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

தோட்டத்தில் பிழைத்த சொல்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் வாழைத் தோட்டங்களிலும் ‘சொட்டுநீர்’ என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேருக்குப் போகிறது. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. ‘டிரிப்’ என்பவர்களும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் ‘டிரிப்ஸ்’, சுற்றுலா போவதும் ‘டிரிப்’. சொட்டுநீருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

அதே தோட்டத்தில் குழாயின் உதிரிபாகங்களுக்கு வந்தால் கதை மாறுகிறது. லேட்டரல், டிரிப்பர், ஃபில்டர் என்றுதான் சொல்கிறார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. ‘பக்கக் குழாய் கொடுங்க’ என்று கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். ‘லேட்டரல் கொடுங்க’ என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார். பெட்டி மேலும் ரசீதிலும் இருக்கிற சொல்லோடு வாயில் வரும் சொல் பொருந்த வேண்டும்.

ஆக, முறைக்குத் தமிழ்ப்பெயர், பாகத்துக்குக் கடைப்பெயர். யாரும் கூடி முடிவெடுக்காமலே விவசாயிகள் வகுத்துக்கொண்ட விதி இது.

பொட்டிப்புரத்துக்கு வந்த பெயர்

தேவாரம் அருகே இருக்கும் பொட்டிப்புரத்துக்கு வந்தது வேறு வகையான சொல். அங்குள்ள மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. தமிழக அரசும் எதிர்ப்புத் தெரிவித்த நிலையில் திட்டம் நின்றுபோனது.

நியூட்ரினோவுக்கு ‘நுண்நொதுமி’ என்ற ஆக்கச்சொல் உண்டு. மின்னூட்டம் இல்லாத துகள் என்பதால், எந்தப் பக்கமும் சேராத அயலாரைக் குறிக்கும் ‘நொதுமல்’ என்ற பழந்தமிழ்ச் சொல்லிலிருந்து எடுத்தார்கள். நியூட்ரான் ‘நொதுமி’, அதைவிட நுண்ணியது ‘நுண்நொதுமி’. அழகான கட்டமைப்புதான். சிக்கல் என்னவென்றால், ‘நொதுமல்’ இன்று யார் வாயிலும் இல்லை. சொட்டுநீர் கேட்டதும் புரிகிறது. நுண்நொதுமிக்கு முதலில் நொதுமலை விளக்க வேண்டும், அப்புறம் துகளை விளக்க வேண்டும். வேலை இரட்டிப்பாகிறது.

சரி, நியூட்ரினோ ஆங்கிலச் சொல்தானா? அதுவும் இல்லை. 1930-ல் இந்தத் துகள் இருக்க வேண்டும் என்று ஊகித்த வோல்ஃப்காங் பவுலி, இதற்கு வைத்த பெயரே ‘நியூட்ரான்’. 1932-ல் ஜேம்ஸ் சாட்விக் எடை மிகுந்த வேறொரு துகளைக் கண்டுபிடிக்க, அந்தப் பெயர் அதற்குப் போய்விட்டது. ரோமில் என்ரிகோ ஃபெர்மியின் குழுவினர், இத்தாலிய மொழியில் சின்னதைக் குறிக்கும் விகுதியைச் சேர்த்து ‘நியூட்ரினோ’ என்றார்கள். ஆங்கிலம், ரஷ்யன் உட்பட உலக மொழிகள் பலவும் அதைக் கடன் வாங்கின.

ரஷ்ய மொழிக்குச் சொல்லாக்கம் தெரியாது என்பதல்ல. ஹெலிகாப்டருக்குச் ‘சுழன்று பறப்பது’ என்ற பொருளில் ‘வெர்தலோத்’ என்று உருவாக்கி, ‘கெலிகோப்தெர்’ என்ற கடன்சொல்லை ஓரங்கட்டிய மொழி அது. அதே மொழியில் ‘மின்னணுக் கணிப்பு இயந்திரம்’ என்ற நீளப் பெயரைத் தள்ளிவிட்டு ‘கம்ப்யூத்தெர்’ உள்ளே வந்தது. தமிழில் நடந்ததோ நேர்மாறு: ‘கம்ப்யூட்டர்’ பேச்சில் இருந்தாலும், எழுத்தில் ‘கணினி’ நிலைத்துவிட்டது. சுருக்கமாக இருந்தது, ‘மடிக்கணினி’ போன்ற புதுச் சொற்களையும் ஈன்றது.

நியூட்ரினோ அப்படி ஒரு செயலைச் சொல்லும் பெயர் அல்ல. ஒரு துகளுக்கு ஒட்டிய அடையாளச் சீட்டு. ‘நியூட்ரினோவை’, ‘நியூட்ரினோவுக்கு’ என்று தமிழ் உருபுகளை ஏற்கிறது. செய்தியில் படித்ததையே இணையத்திலும் தேடலாம். எனவே கடன் வாங்கியதே சரி.

உண்மையான சிக்கல் எங்கே?

பெயரைக் கடன் வாங்கியதோடு வேலை முடியவில்லை. ஓர் ஊர் மக்கள் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்ல வேண்டுமானால், அந்தப் பெயரைச் சுற்றி இருக்கிற சொற்கள் தெளிவாக இருக்க வேண்டும். அங்கே தடுமாற வைத்தவை கடன்சொற்கள் அல்ல, நல்ல தமிழ்ச் சொற்கள்.

முதலாவது ‘சுரங்கம்’. தமிழில் நிலக்கரி எடுப்பதும் சுரங்கம், ரயில் போவதும் சுரங்கம். திட்டத்தில் இருந்தது, மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நீளப் பாதையும் அதன் முடிவில் ஒரு பெரிய குகையும். மற்ற அண்டக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும் என்பதற்காகத்தான் மலை. ‘சுரங்கம் தோண்டுறாங்க’ என்று கேட்பவருக்குத் தாது வெட்டி எடுப்பதுதான் நினைவுக்கு வரும். ‘சுரங்கப்பாதை’, ‘மலைக்குகை’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

இரண்டாவது ‘கதிர்வீச்சு’. வெயிலும் கதிர்வீச்சுதான், செல்போன் சிக்னலும் கதிர்வீச்சுதான். அணு உலை விஷயத்தில் நாம் அஞ்சுவது ‘கதிரியக்கம்’: நிலையற்ற அணுக்கரு சிதைந்து கதிர்களை உமிழ்வது. செய்தியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சூரியனிலிருந்து மட்டும் நம் கட்டைவிரல் நகம் அளவு இடத்தை ஒரு விநாடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்துபோகின்றன. இதைச் சொல்லாமல் ‘நியூட்ரினோ கதிர்வீச்சு’ என்று மட்டும் எழுதினால் அது விளக்கம் ஆகாது.

மூன்றாவது, கருவியின் பெயர். ‘இரும்புக் கலோரிமானி’ என்று மொழிபெயர்த்தால் டயட் கலோரிதான் ஞாபகம் வரும். அது 50,000 டன் அளவுக்குக் காந்தமேற்றிய இரும்புத் தகடுகளின் அடுக்கு. நடுநடுவே துகளின் தடத்தைப் பதிவுசெய்யும் உணரிகள். ‘இரும்பு உணர்கருவி’ என்றாலே போதும்.

சொற்களைத் திருத்தினால் எதிர்ப்பு தானாகத் தீர்ந்துவிடாது. பாறைக்கு வெடி வைப்பது, வெட்டிய கல்லைக் கொட்டுவது, தண்ணீர்த் தேவை, மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதுகாப்பு எல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றை ஊர்க்காரர் துல்லியமாகக் கேட்கவும், விஞ்ஞானி நழுவாமல் பதில் சொல்லவும் சொல் இடம் கொடுக்க வேண்டும்.

எப்படி முடிவெடுப்பது?

செயலைச் சொல்லும் பெயரா? கேட்டதும் விளங்கும்படி தமிழில் ஆக்குங்கள். கடையிலும் திரையிலும் தேட வேண்டிய பொருளா? அங்கே இருக்கும் பெயரையே தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுங்கள். வெறும் அடையாளப் பெயரா? கடன் வாங்கித் தமிழ் உருபு சேர்த்தால் போதும். ஒருவருடைய நிலம், உடல், சம்மதம் சம்பந்தப்பட்ட சொல்லாக இருந்தால், ஏற்கெனவே வேறு பொருள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்; அது எவ்வளவு நல்ல தமிழாக இருந்தாலும் சரி.

நியூட்ரினோவை நுண்நொதுமி ஆக்குவதால் பொட்டிப்புரத்துக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. சுரங்கத்தையும் சுரங்கப்பாதையையும் பிரித்துச் சொல்லியிருந்தால் பேச்சு வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கும்.